பாதியில் வெட்டப்படும் பொன்மொழிகள்: பணமும் முன்னேற்றமும் பற்றிய நபிமொழிகளை இளம் வணிகர்கள் முழுதாக அறிவோம்

திண்டுக்கல் பேகம்பூரிலோ வேறு எந்த ஊரிலோ புதிதாகக் கடை திறக்கும் இளைஞர்களின் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தால், ஒரு வாசகம் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் விசிட்டிங் கார்டிலும் அதே வாசகம் இருக்கும். மேல் கையாக இரு, மண்ணைத் தொட்டாலும் பொன்னாகும், ரிஸ்கின் பெரும்பங்கு வியாபாரத்தில்தான் என்ற பாணியில் அவை அமைந்திருக்கும். பலவற்றின் கீழே 'நபிமொழி' என்றும் எழுதியிருப்பார்கள்.

இவற்றில் சில ஆதாரமான ஹதீஸின் பாதி மட்டுமே. சிலவற்றுக்கு உறுதியான ஆதாரமே இல்லை. பணத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னவற்றில் ஊக்கமும் நிபந்தனையும் சேர்ந்தே வருகின்றன. ஊக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து மாட்டினால், பேராசையைக் கண்டிக்க வந்த சொல்லே பேராசைக்கு விளம்பரமாகிவிடுகிறது. ஆகவே இளம் வணிகர்களுக்கு நேரடியாகப் பயன்படும் சில நபிமொழிகளை, அவற்றின் மறுபாதியோடு, நம் மாவட்டத்துத் தொழில்களில் பொருத்திப் பார்ப்போம். ஹதீஸ்களின் கருத்தை மட்டுமே இங்கே தந்துள்ளோம். முழு வாசகத்தை மூல நூல்களில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று ஹதீஸ்கள், ஒரே வணிகர்

வியாபாரம் பற்றிய மிக முக்கியமான மூன்று ஹதீஸ்களை நமக்கு அறிவித்தவர் ஒரே நபித்தோழர். அவர் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி). அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மகன். குறைஷிகளில் பெரிய வணிகர். பனூ ஹாஷிம் குடும்பத்தார் பள்ளத்தாக்கில் ஒதுக்கி வைக்கப்பட்ட காலத்தில், இஸ்லாத்தை ஏற்காத நிலையிலேயே தம் அத்தைக்கு உணவு கொண்டுபோக முயன்றவர். மக்கா வெற்றியின்போதுதான் இஸ்லாத்தைத் தழுவினார்.

இந்தப் பின்னணி நமக்கு முக்கியம். சந்தையை நன்றாக அறிந்த ஒருவர் தம் வியாபாரத்தில் எழுந்த சந்தேகங்களை நேரில் கேட்டுப் பெற்ற விடைகள் இவை. கடை வைத்திருப்பவரின் கேள்விகளும் கடை வைத்திருப்பவருக்கான பதில்களுமாக இவற்றை வாசிக்கலாம்.

1. பசுமையும் இனிமையுமான செல்வம்

ஹகீம் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் பொருள் கேட்டார்கள். கொடுத்தார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் கொடுத்தார்கள். மூன்றாம் முறையும் கேட்டபோது கொடுத்துவிட்டு, ஓர் அறிவுரையும் சொன்னார்கள். இந்தச் செல்வம் பசுமையானது, இனிமையானது. மனத்தாராளத்தோடு எடுப்பவருக்கு அதில் பரக்கத் செய்யப்படும். மனம் ஏங்கிப் பேராசையோடு எடுப்பவருக்கு அதில் பரக்கத் இருக்காது. அவர் உண்டும் வயிறு நிறையாதவரைப் போன்றவர். மேலே இருக்கும் கை கீழே இருக்கும் கையைவிடச் சிறந்தது. இதுவே அந்த அறிவுரையின் கருத்து (நூல்: புகாரி 1472).

சுவரில் மாட்டப்படுவது இதன் கடைசிப் பகுதி மட்டும்தான். அதைத் தனியே படித்தால், நிறையச் சம்பாதித்து மற்றவர்களுக்கு மேலே நில் என்று சொல்வதுபோல் தோன்றும். முழுதாகப் படித்தால் பொருள் மாறிவிடுகிறது. மேல் கை என்பது கொடுக்கும் கை. அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே, பணத்தை எந்த மனநிலையில் எடுத்தோம் என்ற கேள்வி கேட்கப்பட்டுவிட்டது.

ஹதீஸில் வரும் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஒன்று 'ஸகாவத்து நஃப்ஸ்', அதாவது மனத்தின் தாராளம். மற்றொன்று 'இஷ்ராஃபு நஃப்ஸ்', அதாவது மனம் எட்டிப் பார்த்து ஏங்குவது. செல்வம் பசுமையானது, இனிமையானது என்று சொன்னதிலிருந்தே அதை விரும்புவது மனித இயல்பு என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆசைப்படாதே என்று சொல்லப்படவில்லை. எடுக்கும் விதம்தான் பிரித்துக் காட்டப்படுகிறது.

இதைத் தொழிலில் எப்படி அடையாளம் காண்பது? ஒரு பிரியாணிக் கடையை எடுத்துக்கொள்வோம். சீரகச் சம்பா அரிசியும் கறியும் ரொக்கத்துக்கு வாங்கி, முதல் கடை சம்பளமும் வாடகையும் போக மாதம் ஒரு தொகை மிச்சப்படுத்துகிறது. இந்த நிலையில் இரண்டாவது கிளையை யோசிப்பது முன்னேற்றம். இன்னொருவர் கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எதிர்த்த வீதியில் போட்டிக்காரர் கிளை திறந்துவிட்டார் என்பதற்காகத் தானும் தண்டல் பணம் எடுத்துக் கிளை திறக்கிறார். தண்டல் கணக்கு நம் ஊர் வியாபாரிகளுக்குப் புதிதல்ல. ஏட்டில் 10,000 ரூபாய் என்று எழுதி, கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். பார்வைக்கு 1,500 ரூபாய்தான் கூடுதல். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால், சராசரியாகக் கையில் இருப்பது அந்தத் தொகையில் பாதிதான். ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இது வட்டி என்பதால் ஹராம். அதோடு ஹதீஸ் சொன்ன அடையாளமும் இங்கே தெரிகிறது. காலையில் கல்லாவில் விழும் பணம் மாலையில் தண்டல்காரர் கைக்குப் போகிறது. விற்பனை பெருகுகிறது, மிச்சம் இல்லை. உண்டும் வயிறு நிறையவில்லை. முதல் தண்டலை அடைக்க இரண்டாவது தண்டல் வாங்க வேண்டிய நாள் வந்தால், நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

பரக்கத் என்பதைத் தொகையின் அளவோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தோல் தொழிலே இதற்குச் சாட்சி. தோல் பதனிடுதல் பல குடும்பங்களை வாழவைத்தது, பள்ளிவாசல்களுக்கும் கல்விக்கும் வாரி வழங்கிய கைகளை உருவாக்கியது. அதே சமயம் உப்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் நிலத்தையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அது உறுதி செய்தது. தீர்ப்பு குறிப்பிட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அந்த மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இயங்கக் கூடாது என்று உத்தரவானது.

பக்கத்து விவசாயியின் கிணறு சுமந்த செலவு அதுவரை எந்த ஆலையின் கணக்கு ஏட்டிலும் ஏறியிருக்காது. அந்தச் செலவையும் எழுதியிருந்தால் லாபம் எவ்வளவு குறைந்திருக்கும்? மேல் கையால் ஸதகா கொடுப்பதற்கு முன், கீழே யாருடைய கையிலிருந்து எதை எடுத்தோம் என்று பார்க்கச் சொல்கிறது ஹகீம் (ரலி) கேட்ட ஹதீஸ்.

அந்த அறிவுரைக்குப் பிறகு ஹகீம் (ரலி) என்ன செய்தார்கள் என்பதையும் அதே ஹதீஸ் சொல்கிறது. இனி யாரிடமும் எதையும் பெறமாட்டேன் என்று உறுதி எடுத்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் ஆட்சியில் அவருக்குரிய பங்கைக் கொடுக்க அழைத்தபோது மறுத்தார்கள். உமர் (ரலி) அழைத்தபோதும் மறுத்தார்கள். அவருக்கு உரிமையானதைத் தாம் கொடுக்க முன்வந்ததற்கு மக்களையே உமர் (ரலி) சாட்சியாக்கினார்கள். ஆனால் ஹகீம் (ரலி) வியாபாரத்தை விடவில்லை, செல்வந்தராகவே வாழ்ந்தார்கள். முன்னேற்றம் நின்றுவிடவில்லை, ஏக்கம்தான் நின்றது.

2. குறையைச் சொன்னால் பரக்கத், மறைத்தால் அழிவு

ஹகீம் (ரலி) அறிவிக்கும் இரண்டாவது ஹதீஸ் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவானது. இருவரும் பிரியும்வரை வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. இருவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய் பேசினால் அந்த பரக்கத் அழிக்கப்படும் (நூல்: புகாரி 2079). உண்மையாக இருந்தால் வியாபாரம் செழிக்கும் என்று இதைச் சுருக்கிவிடுகிறோம். 'குறையைத் தெளிவுபடுத்துவது' என்ற கடினமான பகுதி அதில் காணாமல் போய்விடுகிறது. வாடிக்கையாளர் கேட்டால் உண்மை சொல்வது ஒன்று. அவர் கேட்காதபோதே குறையை எடுத்துச் சொல்வது வேறு. ஹதீஸ் கேட்பது இரண்டாவதை.

முஸ்லிம் நூலில் வரும் பிரபலமான சம்பவமும் இதையே காட்டுகிறது. கடைவீதியில் குவித்திருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது வியாபாரியின் தவறல்ல. அதை அடியில் வைத்ததுதான் தவறு.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டுக்கோ போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மூட்டையின் வாய்ப்பக்கம் காய்ந்த, பெரிய வெங்காயம் இருக்கும். நடுவில் முளைவிட்டதும் ஈரமானதும் கிடக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக மட்டும்தான்.

50 கிலோ மூட்டையில் 5 கிலோ கெட்டிருக்கிறது. கிலோ 40 ரூபாய். கலந்து விற்றால் 2,000 ரூபாய். பிரித்து, 45 கிலோவை 40 ரூபாய்க்கும் 5 கிலோவை ஹோட்டல்காரருக்கு 15 ரூபாய்க்கும் கொடுத்தால் 1,875 ரூபாய். வித்தியாசம் 125 ரூபாய். ஹதீஸ் பேசுவது இந்த 125 ரூபாயைப் பற்றித்தான். இதைச் சம்பாத்தியம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வாங்குபவருக்குத் தெரியாமல் அவர் பையிலிருந்து எடுத்த பணம்.

அது அத்தோடு நிற்பதும் இல்லை. ஒருமுறை ஏமாந்த வியாபாரி அடுத்த வாரம் அதே பெயர் போட்ட மூட்டையைப் பார்த்ததும், கெட்டது இருக்கும் என்று முன்கூட்டியே கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்பார். பத்து மூட்டைக்கு 500 ரூபாய் போகும். நல்ல சரக்கு கொண்டுவந்த நாளிலும் போகும். பெயருக்கு விழுந்த இந்தத் தள்ளுபடியைச் சந்தையில் மீட்பது மிகக் கடினம். பரக்கத் அழிவது இதைவிடப் பெரிய விஷயம். அதன் முழு அளவை அல்லாஹ்வே அறிவான். கண்ணுக்குத் தெரியும் ஒரு முகம் மட்டும் இது.

இணையத்தில் விற்கும் இளைஞர்களுக்கு மூட்டையின் வாய் என்பது பொருளின் படம். ரெக்சினில் தைத்த மணிபர்ஸை 'லெதர் மாடல்' என்று எழுதுவது, வெளிச்சம் கூட்டிச் சேலையின் நிறத்தை மாற்றிக் காட்டுவது, தேன் பாட்டிலில் சர்க்கரைப்பாகு சேர்ந்ததைச் சொல்லாமல் விடுவது எல்லாம் நனைந்த தானியத்தை அடியில் வைப்பதுதான். ரெக்சின் விற்பது ஹராம் அல்ல. ரெக்சின் என்று எழுதி, அதற்குரிய விலைக்கு விற்றால் போதும்.

3. கையில் இல்லாததை விற்காதே

மூன்றாவது ஹதீஸ், இன்று கைப்பேசியை மட்டும் வைத்துத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. ஹகீம் (ரலி) இப்படிக் கேட்டார்கள்: ஒருவர் வந்து என்னிடம் இல்லாத பொருளைக் கேட்கிறார். நான் அதை விற்றுவிட்டு, பிறகு கடைவீதியில் வாங்கிக் கொடுக்கலாமா? உன்னிடம் இல்லாததை விற்காதே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடை சொன்னார்கள் (நூல்கள்: அபூதாவூத் 3503, திர்மிதீ 1232).

முதலீடே இல்லாமல் லட்சங்கள் சம்பாதிக்கலாம் என்று இணையத்தில் கற்றுத்தரப்படும் வியாபாரம் பெரும்பாலும் இதுதான். பேகம்பூர் இளைஞர் ஒருவர் சின்னாளபட்டி நெசவாளரிடம் சேலைகளின் படங்களை வாங்கி வாட்ஸ்அப்பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர் விலை 750. இவர் போடும் விலை 950. பெருநாள் நெருங்கும்போது 20 பேர் முழுப் பணமும் அனுப்பிவிடுகிறார்கள். நெசவாளரிடம் போனால் 14 சேலைகள்தான் இருக்கின்றன. மீதி 6 பேரின் 5,700 ரூபாய் இவர் கணக்கில் இருக்கிறது, அல்லது அதற்குள் செலவாகிவிட்டது. வேறு நிறத்தை அனுப்பிச் சமாளிக்கலாமா, பெருநாள் கழித்துத் தருவதாகச் சொல்லலாமா என்று மனம் அலைகிறது. பொய் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆரம்பத்தில் ஏமாற்றும் எண்ணமே இல்லாதவரையும் இந்த அமைப்பு பொய்யின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இன்னொரு ஹதீஸும் இதோடு சேர்கிறது. இழப்புக்குப் பொறுப்பேற்காத பொருளில் லாபம் எடுப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (நூல்கள்: அபூதாவூத் 3504, திர்மிதீ 1234). சேலை கிழிந்தால் நெசவாளர் பாடு, தாமதமானால் வாங்கியவர் பாடு, 200 ரூபாய் மட்டும் எனக்கு என்பது சரியில்லை.

அப்படியானால் முதல் இல்லாத இளைஞருக்கு வழியே இல்லையா? உண்டு. ஷரீஅத் கதவை அடைக்கவில்லை, கதவின் நிலையைச் சரிசெய்கிறது.

முதல் வழி, முகவராக இருப்பது. நெசவாளரிடம் வெளிப்படையாகப் பேசி, நான் உங்கள் சார்பில் விற்கிறேன், சேலைக்கு 100 ரூபாய் கமிஷன் என்று முடிவு செய்வது. சேலை 850 ரூபாய்க்குப் போனால் 750 நெசவாளருக்கு, 100 இவருக்கு. விற்பவர் நெசவாளரே. குறை இருந்தால் திரும்பப் பெறுவதும் அவரே. இங்கே மறைவான லாபம் கிடையாது. கமிஷன் 100 என்று பேசிவிட்டு 950 வாங்கி மீதியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அமானித மோசடி.

இரண்டாவது வழி, சிறிதாக வாங்கி விற்பது. 10 சேலைகளை 7,500 ரூபாய்க்கு வாங்கி வீட்டில் வைத்த பிறகே படம் போடுவது. விற்காமல் தேங்கினால் நஷ்டம் இவருடையது. அதனால் கிடைக்கும் 200 ரூபாய் லாபமும் முழுக்க இவருடைய உரிமை.

மூன்றாவது வழி, விருப்பத்தை மட்டும் பதிவு செய்வது. யார் யாருக்கு எந்தச் சேலை வேண்டும் என்று பெயர் எழுதிக்கொண்டு, பணம் வாங்காமல், வியாபாரத்தை முடிக்காமல், சேலையை வாங்கிய பிறகு விற்பது. இடையில் அவர் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது.

செய்து கொடுக்கும் பொருள்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் பூட்டை ஒருவர் ஆர்டர் கொடுத்தால், அது இன்னும் கையில் இல்லாத பொருள்தான். ஆனாலும் அளவு, லீவர் எண்ணிக்கை, உலோகம், விலை ஆகியவற்றைத் தெளிவாகப் பேசிச் செய்து கொடுப்பதை ஹனஃபி அறிஞர்கள் 'இஸ்திஸ்னா' என்ற பெயரில் அனுமதிக்கிறார்கள். விளைபொருளுக்கு முன்பணம் கொடுப்பது 'ஸலம்'. அளவு, எடை, தவணை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நிபந்தனை விதித்தார்கள் (நூல்: புகாரி 2240). பணத்தை ஒப்பந்தத்தின்போதே முழுதாகக் கொடுப்பதும் பெரும்பாலான அறிஞர்களின் நிபந்தனை.

ஸலத்தில் இன்ன தரத்தில் இத்தனை டன் என்று பேசலாம். இந்தத் தோப்பில் காய்ப்பதெல்லாம் எனக்கு என்று பேச முடியாது. நத்தம் பக்கம் மாந்தோப்புகளைப் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கனிகள் முதிரும் அறிகுறி தெரிவதற்கு முன் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனிகளை விளையாமல் செய்துவிட்டால் உன் சகோதரனின் பணத்தை எதற்காக எடுத்துக்கொள்வாய் என்ற காரணமும் அனஸ் (ரலி) வழியாக வருகிறது (நூல்: புகாரி 2198). பூவிலேயே விலை பேசி, காற்றிலும் மழையிலும் பூ உதிர்ந்த பிறகு தோப்புக்காரரும் வியாபாரியும் பஞ்சாயத்துக்கு வந்து நிற்கும் காட்சியை நினைத்தால் இந்தக் கேள்வியின் ஆழம் புரியும். தோப்பையே ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பது போன்றவற்றில் மத்ஹப்களுக்கிடையே விரிவான சட்டங்கள் இருப்பதால், ஒப்பந்தத்தை எழுதும் முன் ஆலிம்களிடம் காட்டிக்கொள்வது நல்லது.

உங்கள் வியாபாரம் இந்தத் தடைக்குள் வருகிறதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பணம் அனுப்பிய அத்தனை பேரும் இன்று மாலை திருப்பிக் கேட்டால் கொடுக்க முடியுமா? முடியாது என்றால், இல்லாததை விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

மண்ணும் பொன்னும்: உர்வா (ரலி) அவர்களின் தீனார்

ஆதாரமான ஹதீஸ் பாதியாக வெட்டப்படுவதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு இது. மண்ணை வாங்கினாலும் அதில் லாபம் பார்ப்பார் என்று உர்வா அல்பாரிகீ (ரலி) பற்றிச் சொல்லப்பட்டுள்ளது. இன்றைய ஊக்கப் பேச்சுகளில் சாமர்த்தியத்துக்குப் புகழாக இதைச் சொல்கிறார்கள்.

நடந்தது இது. ஓர் ஆடு வாங்கி வரும்படி நபி (ஸல்) அவர்கள் உர்வாவிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகப் பிரார்த்தித்தார்கள். அதன் பலனாகத்தான் மண்ணிலும் லாபம் காண்பவர் என்று அவர் பெயர் பெற்றார் (நூல்: புகாரி 3642).

திறமை இருந்தது உண்மை. ஆனால் கிடைத்த லாபத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டை மட்டும் அவர் கொடுத்திருக்கலாம். கேட்டது ஓர் ஆடு, கொடுத்ததும் ஓர் ஆடு என்று வாதமும் செய்திருக்கலாம். பணம் யாருடையதோ லாபமும் அவருடையது என்று திருப்பிக் கொடுத்தார். மேலே சொன்ன சேலை முகவரும், பங்காளியின் முதலில் கடை நடத்துபவரும், முதலாளிக்காகச் சரக்கு வாங்கப்போகும் கடைப்பையனும் சுவரில் மாட்ட வேண்டியது இந்த முழுக் கதையைத்தான்.

ஆதாரம் உறுதியாகாத வாசகங்கள்

சில வாசகங்கள் நம்மிடையே மிகவும் பரவியிருந்தாலும் அவற்றை நபிமொழி என்று எழுதக் கூடாது. ரிஸ்கில் பத்தில் ஒன்பது பங்கு வியாபாரத்தில் உள்ளது என்ற அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். உழைத்துச் சம்பாதிப்பவர் அல்லாஹ்வின் நேசர் என்ற வாசகம் நபிமொழியாக உறுதியாகவில்லை. என்றும் வாழ்பவன்போல் உலகுக்காகவும் நாளையே இறப்பவன்போல் மறுமைக்காகவும் உழை என்பதும் நபி (ஸல்) அவர்களின் சொல்லாக நிரூபணமாகவில்லை.

கருத்து நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது கடுமையாக எச்சரிக்கப்பட்ட குற்றம். அது ஒருபுறம் இருக்க, முதல் வாசகத்தைப் படிக்கும் ஆசிரியரும் நெசவாளரும் விவசாயியும் தங்கள் ரிஸ்க் மட்டமானது என்று நினைக்க இடம் கொடுக்கிறது. நிபந்தனை எதுவும் சேராமல் ஊக்கம் மட்டும் வரும் வாசகங்களைக் கண்டால் ஒருமுறை ஆலிம்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

பேராசை பெருநஷ்டம் மட்டும்தானா?

பேராசை பெருநஷ்டம் என்பது நம் பழமொழி. பேராசை கடைசியில் கையைச் சுடும் என்று அது எச்சரிக்கிறது. ஆனால் சுடாமல் போனால்? பேராசைக்காரர் ஜெயித்து, மூன்று மாடிக் கடை கட்டிவிட்டால் பழமொழி வாயடைத்துப்போகும். அந்த இடத்தில் பணம் பத்தும் செய்யும் என்ற இன்னொரு பழமொழி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய உவமை இதைத் தாண்டிப் போகிறது. பசித்த இரண்டு ஓநாய்களை ஆட்டு மந்தைக்குள் அவிழ்த்துவிட்டால் ஏற்படும் நாசத்தைவிட, பொருள் மீதும் அந்தஸ்தின் மீதும் ஒருவர் கொள்ளும் பேராசை அவருடைய மார்க்கத்துக்கு அதிக நாசம் செய்யும் என்பது அதன் கருத்து (நூல்: திர்மிதீ 2376). இங்கே நஷ்டம் கல்லாவில் அல்ல, மார்க்கத்தில். வியாபாரம் ஜெயித்தாலும் அந்த நஷ்டம் நடந்துகொண்டே இருக்கும். பொருளோடு அந்தஸ்தையும் சேர்த்துச் சொன்னதும் கவனிக்கத்தக்கது. தண்டல் எடுத்துக் கிளை திறந்தவரை விரட்டியது பணத்தேவையைவிட, எதிர்த்த வீதிக்காரரைவிடப் பெரியவராகத் தெரிய வேண்டும் என்ற இரண்டாவது ஓநாய்தான்.

இந்த ஓநாய் உள்ளே வந்துவிட்டதை விற்பனை ஏடு காட்டாது. ஜும்ஆவுக்குக் கடை அடைப்பது பாரமாகத் தெரியும். ஜகாத் கணக்குப் பார்க்கும் நாள் தள்ளிப்போகும். கடன் கொடுத்தவரின் அழைப்பை எடுக்க மனம் வராது. வேலையாளின் சம்பளத் தேதி நகரும், ஆனால் கடை முகப்பின் விளக்கு அலங்காரம் நகராது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் வியாபாரத்தை விரிவாக்குவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மந்தையைப் பார்ப்பது நல்லது.

மாட்டும் முன் பார்க்க வேண்டியது

கடையில் ஒரு வாசகத்தை மாட்ட விரும்பும் இளைஞர்கள் முதலில் அது எந்த நூலில், யார் அறிவித்தது என்று பார்க்கட்டும். பிறகு அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று படிக்கட்டும். கடைசியாக, அந்த வாசகம் கடைக்காரரிடம் எதையாவது கேட்கிறதா என்று பார்க்கட்டும். ஈரமான தானியத்தை மேலே வை என்பது கேட்கிறது. இல்லாததை விற்காதே என்பது கேட்கிறது. லாபத்தை உரியவரிடம் கொடு என்பது கேட்கிறது. கடைக்காரரிடம் எதையும் கேட்காமல், வருவார் எல்லோருக்கும் முன் அவரைப் புகழ்ந்துகொண்டே இருக்கும் வாசகத்தை மாட்டாமல் இருப்பதே நல்லது.

ஹகீம் (ரலி) அவர்களின் வாழ்வில் இன்னொரு செய்தி வரலாற்று நூல்களில் வருகிறது. குறைஷித் தலைவர்கள் கூடிப் பேசும் தாருன் நத்வா என்ற புகழ்பெற்ற மாளிகை அவர் கைக்கு வந்திருந்தது. அதை முஆவியா (ரலி) அவர்களுக்கு ஒரு லட்சம் திர்ஹத்துக்கு விற்றார். குறைஷிகளின் பெருமையையே விற்றுவிட்டீரே என்று கடிந்துகொண்டவர்களிடம், பெருமைகளெல்லாம் போய்விட்டன, மிஞ்சியிருப்பது இறையச்சம் மட்டும்தான் என்ற பொருளில் பதில் சொல்லி, அந்தப் பணத்தைத் தர்மம் செய்துவிட்டார். நல்ல விலைக்கு விற்கத் தெரிந்தவர், விற்ற பணத்தில் மனத்தை மாட்டிக்கொள்ளாதவர். மேல் கை என்று நபி (ஸல்) அவர்கள் அவரிடம் சொன்னதன் பொருளை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு இதுவே விளக்கம்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.